ஒருவர் பேச, ஒருவர் கேட்க: தேயிலைத் தோட்ட மேற்பார்வையாளர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கோத்தகிரி, குன்னூர்ப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களிலும் தொழிற்சாலைகளிலும் மேற்பார்வை வேலைக்குப் புதிதாக வருபவர்களுக்குச் சில ஆண்டுகளாக ஒரு நாள் வகுப்பு எடுத்து வருகிறேன். அதற்கு முன் 19 ஆண்டுகள் நானும் காட்டு மேற்பார்வையாளனாகத்தான் இருந்தேன். ('காடு' என்றால் இங்கே தேயிலை நட்ட நிலம். வெளியூர்க்காரர்கள் மிரள வேண்டாம்.) வகுப்பில் பாதி நேரம், எதிரில் இருப்பவர் சொல்வதை எப்படிக் கேட்பது என்பதிலேயே போய்விடுகிறது. தேநீர் இடைவேளையில் வந்து கேட்கப்படும் சந்தேகங்கள் ஊருக்கு ஊர் மாறுவதே இல்லை என்பதால், கேட்டவர்கள் கேட்டபடியே அவற்றை இங்கே எழுதி வைக்கிறேன்.

எனக்குக் காது நன்றாகத்தானே கேட்கிறது, இதில் கற்றுக்கொள்ள என்ன இருக்கிறது?

காதில் விழுவது உங்களுக்கு மட்டும் தெரிந்த விஷயம். நீங்கள் கேட்டீர்கள் என்பது பேசியவருக்கும் தெரிய வேண்டும். நீங்கள் தப்பாக எடுத்துக்கொண்டிருந்தால் அதைத் திருத்த அவருக்கு ஒரு வாய்ப்பும் இருக்க வேண்டும். இந்த இரண்டும் சேர்ந்ததைத்தான் நான் கவனித்துக் கேட்பது என்கிறேன். 1957-ல் கார்ல் ராஜர்ஸ், ரிச்சர்ட் ஃபார்சன் என்ற இரு அமெரிக்க உளவியலாளர்கள் இதற்கு ஒரு பெயர் வைத்து எழுதினார்கள். சிகாகோ பல்கலைக்கழகத்தின் தொழில் உறவு மையம் அதை ஒரு சிறு புத்தகமாக வெளியிட்டது. மனநல மருத்துவமனையில் மட்டும் செல்லுபடியாகும் சமாச்சாரம் என்று நினைப்பவர்களுக்காக இதைச் சொல்கிறேன்: வேலைத்தலத்து மேற்பார்வையாளருக்கும் தொழிலாளிக்கும் நடக்கும் பேச்சு, தொடக்கத்திலிருந்தே இதன் கணக்கில் இருந்தது.

சோதித்துப் பார்ப்பதும் எளிது. அவர் சொன்னதை உங்கள் வார்த்தையில் சொல்லுங்கள். "அதுதான்!" என்று அவர் சொன்னால் கேட்டிருக்கிறீர்கள். "அது வந்து…" என்று இழுத்தால் இன்னும் கேட்கவில்லை.

'ம்' கொட்டினால் போதாதா? பாட்டி கதை சொல்லும்போது அதைத்தானே செய்தோம்?

பாட்டி ஏன் 'ம்' கொட்டச் சொன்னாள் என்று யோசித்தீர்களா? நாம் தூங்கிவிட்டோமா என்று பார்க்க மட்டும் அல்ல. 'ம்' நின்றால் கதையும் தடுமாறும். ஜேனட் பாவெலாஸ் என்ற கனடா நாட்டு ஆய்வாளர் 2000-ல் தன் குழுவினரோடு இதைச் சோதித்துக் காட்டினார். ஒருவர் தான் ஆபத்திலிருந்து நூலிழையில் தப்பிய கதையைச் சொல்ல வேண்டும். கேட்பவரிடம் மட்டும், கதையில் ஒரு குறிப்பிட்ட எழுத்தில் தொடங்கும் சொற்கள் எத்தனை என்று எண்ணும்படி ரகசியமாகச் சொல்லிவிட்டார்கள். அவர் காது திறந்தேதான் இருந்தது. ஆனால் கதைக்கு ஏற்ற இடத்தில் முகம் சுளிக்கவோ, 'ஐயையோ' என்று சொல்லவோ அவரால் முடியவில்லை. விளைவாக, சொன்னவர் கதையையே மோசமாகச் சொன்னார். அதுவும் உச்சக் கட்டத்தில்தான் மிகவும் சொதப்பினார்.

ஆகவே "இந்த ஆளுக்கு ஒழுங்காகப் பேசத் தெரியவில்லை" என்று யாரைப் பற்றியாவது தோன்றினால், அவர் பேசும்போது நாம் என்ன எண்ணிக்கொண்டிருந்தோம் என்றும் பார்க்க வேண்டும். தோட்டத்தில் அது பெரும்பாலும் கிலோவாக இருக்கும்.

'ம்' நல்லதுதான். ஒரே சீராக, வேகமாக "ம்ம்ம், ம்ம்ம்" என்றால் மட்டும் அதற்கு 'சீக்கிரம் முடி' என்று அர்த்தம். அது எல்லோருக்கும் புரியும், சொல்பவருக்கு முதலில் புரியும். அடுத்ததாக, அவர் சொன்னது சரியாகத்தான் வந்து சேர்ந்ததா என்பதை 'ம்' காட்டாது. அதற்குத் திருப்பிச் சொல்ல வேண்டும்.

திருப்பிச் சொல்வது என்றால் கிளிப்பிள்ளை மாதிரியா? ஆள் சிரித்துவிட மாட்டாரா?

முழு வாக்கியத்தையும் ஒப்பித்தால் சிரிப்பார், சிரிக்கத்தான் வேண்டும். ஒரே ஒரு சொல்லை எடுத்துத் திருப்பிக் கொடுங்கள். அந்தச் சொல் எது என்பதில்தான் வித்தை இருக்கிறது. கடைசிச் சொல்லைத் திருப்பிச் சொல்லும்படி ஆங்கிலப் பயிற்சிக் குறிப்புகளில் படித்துவிட்டு வந்து, வேலை செய்யவில்லை என்று குறைப்பட்டுக்கொள்பவர்கள் உண்டு. தமிழில் கடைசியில் நிற்பது வினைச்சொல். "நேற்று மேல் காட்டுக்கு வண்டி வரவில்லை" என்கிறார். நீங்கள் "வரவில்லையா?" என்றால், "ஆமாம்" என்று சொல்லிப் பேச்சை முடித்துவிடுவார். "மேல் காட்டுக்கா?" என்று கேளுங்கள். "ஆமாம், கீழே இருக்கிறவர்களுக்கு மட்டும் நேரத்துக்கு வருகிறது" என்று உள்ளே இருந்தது வெளியே வரும். "நேற்றா?" என்றால் இன்னொரு கதவு திறக்கும். எந்தச் சொல்லைத் தொடுகிறோமோ, பேச்சு அந்தப் பக்கம் திரும்பும்.

எந்தச் சொல்லைத் தொடுவது என்று தெரியாவிட்டால் ஒட்டுகளைக் கவனியுங்கள். மனதில் இருப்பதைத் தமிழர்கள் 'உம்', 'தான்', 'ஆவது' ஆகிய மூன்றுக்குள் ஒளித்து வைப்பார்கள். "எனக்கும் வீடு இருக்கிறது" என்றால் வேறொருவரோடு ஒப்பிட்டுப் பார்த்திருக்கிறார். "நான்தான் கிடைத்தேன்" என்றால் இது முதல் முறை அல்ல. "நீங்களாவது கேட்டீர்களே" என்றால், ஏற்கெனவே ஒருவரிடம் போய்க் கைவிரிக்கப்பட்டு வந்திருக்கிறார். இலக்கண வகுப்பில் தூங்கியவர்களும் வீட்டில் மனைவியோ கணவரோ பேசும்போது இதைப் பிடித்துவிடுவார்கள். வேலையிடத்தில்தான் கோட்டை விடுகிறோம்.

முழுதாக ஒரு உரையாடலைச் சொல்லிக் காட்டுங்கள், அப்போதுதான் விளங்கும்.

என் கதையையே சொல்கிறேன். முதல் பாதி எனக்குப் பெருமை சேர்ப்பது அல்ல. ஐப்பசி மழை விட்டு விட்டுப் பெய்துகொண்டிருந்த நேரம். கொழுந்து எடுக்கும் அக்கா ஒருவர், வயது 50-ஐத் தாண்டியவர், ஏழாம் நம்பர் காட்டுக்கு இனிமேல் போக மாட்டேன் என்று விட்டார். நான் கேட்ட லட்சணம் இது:

"ஏன் அக்கா, ஏழாம் நம்பருக்கு என்ன?"
"அங்கே இனிமேல் முடியாது சார்."
"காட்டெருமைதானே? நாளைக்கு இரண்டு ஆளைப் பட்டாசோடு முன்னால் அனுப்புகிறேன்."
"அதுவும் இருக்கிறது…"
"அவ்வளவுதான். நான் பார்த்துக்கொள்கிறேன்."
"சரி சார்."

ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. பிரச்சினை தீர்ந்தது என்று நானும் நிம்மதியாகத் தேநீர் குடிக்கப் போனேன். மறுநாள் இரண்டு ஆட்கள் பட்டாசோடு போனார்கள், அக்கா வரவில்லை. அதற்கடுத்த இரண்டு நாளும் வரவில்லை. நான்காம் நாள் மூன்றாம் நம்பர் காட்டுக்கு வந்திருந்தார். அன்று மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"அன்றைக்கு 'அதுவும் இருக்கிறது' என்றீர்கள் அக்கா. நான் காட்டெருமையோடு நிறுத்திவிட்டேன்."
(கொஞ்ச நேரம் பேச்சில்லை. நானும் பேசவில்லை.)
"எருமை என்ன சார், நாம் ஒதுங்கினால் அதுவும் ஒதுங்கிப் போகும். படிதான்."
"படியா?"
"மேலே இருந்து எடைக்கு வருகிற கல்படி. பாசி. போன வாரம் மூட்டையோடு உட்கார்ந்துவிட்டேன்."
"மூட்டையோடு விழுந்திருக்கிறீர்கள். எனக்குத் தெரியவே இல்லை."
"சொன்னால், வயதாகிவிட்டது என்று களை எடுக்கப் போட்டுவிடுவீர்கள். கூடுதல் கிலோவுக்கு வருகிற காசும் போய்விடும்."
"அப்படியானால், ஏழாம் நம்பரில் கொழுந்து எடுக்க உங்களுக்குத் தயக்கம் இல்லை. மூட்டையோடு அந்தப் படியில் இறங்கத்தான் பயம். அதை வெளியே சொன்னால் கொழுந்து வேலையே போய்விடுமோ என்பது அதைவிடப் பெரிய பயம். இதில் நான் எதை விட்டுவிட்டேன்?"
"விடவில்லை சார், அதுதான். என்னோடு வருகிறவளும் விழுந்தாள். அவள் சொல்ல மாட்டாள்."

இரண்டு ஆட்கள் அரை நாளில் படியின் பாசியைச் சுரண்டி, ஓரத்தில் கைப்பிடிக்கு மூங்கில் கட்டினார்கள். மழை முடியும் வரை ஏழாம் நம்பருக்கு எடையை மேல் பாதையிலேயே போட ஏற்பாடு செய்தோம். இப்போது அந்தப் பேச்சைத் திரும்பப் பாருங்கள். 'அதுவும்' என்ற சொல்லிலேயே, வேறு ஒன்று இருக்கிறது என்று முதல் நாளே அவர் சொல்லிவிட்டார். தீர்வைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்த எனக்கு அது கேட்கவில்லை. இரண்டாம் முறை நான் புதிதாகச் செய்தவை நான்கே: அவருடைய சொல்லை அவருக்கே திருப்பிக் கொடுத்தேன், சும்மா இருந்தேன், 'படியா' என்று ஒரு சொல்லைத் தொட்டேன், கடைசியில் எல்லாவற்றையும் தொகுத்துச் சொல்லி விடுபட்டதைக் கேட்டேன். அந்தக் கடைசிக் கேள்விக்குத்தான் இரண்டாவது பெண் விழுந்த செய்தி வந்தது.

"அப்படித்தானே?" என்று நான் முடிக்கவில்லை என்பதையும் கவனியுங்கள். 'தானே' போட்டுக் கேட்டால் சின்ன வேலையில் இருப்பவர் பெரிய வேலையில் இருப்பவரிடம் 'ஆமாம்' என்றுதான் சொல்வார். "எதை விட்டுவிட்டேன்?" என்றால் திருத்துவது மரியாதைக் குறைவு ஆகாது; நீங்களே கேட்டுவிட்டீர்களே.

அவர் பேசி முடித்துவிட்டாரா, மூச்சு வாங்குகிறாரா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

தெரிந்துகொள்ள முடியாது, காத்திருக்கத்தான் முடியும். பத்து மொழிகளில் அன்றாட உரையாடல்களைப் பதிவுசெய்து 2009-ல் வெளியிட்ட ஓர் ஆய்வில், கேள்விக்கும் பதிலுக்கும் இடையிலான இடைவெளி சராசரியாக ஒரு வினாடியில் ஐந்தில் ஒரு பங்குதான் இருந்தது. அத்தனை விரைவாகப் பதில் வர வேண்டுமானால், எதிராளி முடிக்கும் முன்பே நாம் பதிலைத் தயாரித்தாக வேண்டும். அரட்டைக்கு அது போதும். ஒருவர் சொல்லத் தயங்குவதைக் கேட்க அது உதவாது.

எத்தனை நேரம் காத்திருப்பது? அமெரிக்கப் பள்ளி வகுப்பறைகளில் மேரி பட் ரோவ் என்ற ஆய்வாளர் 1970-களில் ஒன்றைக் கவனித்தார். ஆசிரியர்கள் கேள்வி கேட்டுவிட்டுச் சுமார் ஒரு வினாடிதான் காத்திருந்தார்கள். அதை மூன்று வினாடியாக்கியதும் பதில்கள் நீண்டன. வழக்கமாக வாய் திறக்காத பிள்ளைகளும் பேசினார்கள். என் அனுபவத்திலும் மூன்று வினாடி சரியான அளவு. மனதுக்குள் "ஆயிரத்து ஒன்று, ஆயிரத்து இரண்டு, ஆயிரத்து மூன்று" என்று எண்ணுங்கள். முதல் வாரம் அது மூன்று நிமிடமாகத் தோன்றும். பத்து வினாடிக்கு மேல் போனால் எதிராளிக்குச் சங்கடமாகிவிடும். அதற்குள் ஒரு சொல்லைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

'வேறு ஏதாவது இருக்கிறதா' என்று கேட்டால் எல்லோரும் 'இல்லை சார்' என்றே சொல்கிறார்களே?

அந்தக் கேள்வியே 'இல்லை' என்ற பதிலைக் கையில் பிடித்துக்கொண்டுதான் வருகிறது. பெரும்பாலும் நாம் எழுந்துகொண்டே கேட்பதால் உடம்பும் அதையே சொல்லும். அமெரிக்காவில் மருத்துவர்களை வைத்து நடத்திய ஓர் ஆய்வு 2007-ல் வெளிவந்தது. அங்கே ஆங்கிலக் கேள்வியில், 'இல்லை' பக்கம் சாயும் ஒரு சொல்லுக்குப் பதிலாக 'ஆம்' பக்கம் சாயும் சொல்லைப் போட்டார்கள். நோயாளிகள் சொல்லாமல் எடுத்துக்கொண்டு போகும் குறைகள் கணிசமாகக் குறைந்தன. தமிழில் அப்படிச் சொல்லை மாற்ற வழி இல்லை. கேள்வியையே மாற்ற வேண்டும். "இன்னொன்று என்ன?" என்று உட்கார்ந்தபடியே கேளுங்கள். இருக்கிறது என்று நீங்களே ஒப்புக்கொண்டு கேட்பதால் சொல்வது எளிதாகிவிடும். இல்லாவிட்டாலும் ஒன்றும் கெட்டுப்போவதில்லை.

நான் 'சரி, சரி' என்று கேட்டேன். லீவு கொடுத்துவிட்டேன் என்று நினைத்து அவர் ஊருக்கே போய்விட்டார். தப்பு யாருடையது?

உங்களுடையது. வகுப்பில் நான் அதிகம் பயமுறுத்தும் சொல் இந்தச் 'சரி'தான். 'காதில் விழுந்தது', 'மேலே சொல்லு', 'ஒப்புக்கொள்கிறேன்', 'போதும் நிறுத்து' என்று நான்கு பொருளுக்கும் நமக்கு இருப்பது அந்த ஒரே சொல். நீங்கள் முதல் பொருளில் சொன்னீர்கள். லீவு கேட்டு நிற்பவர் காதில் மூன்றாவதுதான் விழும். நீங்கள் அவர் இடத்தில் இருந்தாலும் அப்படித்தான் விழும்.

கேட்கும்போது 'ம்' போதும். "புரிகிறது" என்பதைக்கூட அளவோடு சொல்லுங்கள். திருப்பிச் சொல்லும்போது அவர் பெயரில் சொல்லுங்கள்: "தங்கை கல்யாணத்துக்கு ஆறு நாள் வேண்டும் என்று கேட்கிறீர்கள்." பிறகு ஒரு கோடு போட்டு, உங்கள் பேச்சைத் தனியாகத் தொடங்குங்கள்: "கேட்டுக்கொண்டேன். இதை நான் முடிவு செய்ய முடியாது. பெரிய ஆபீசில் கேட்டு வியாழக்கிழமை மதியத்துக்குள் சொல்கிறேன்." நாளும் நேரமும் சொல்லாவிட்டால் அதுவும் ஒரு 'சரி'தான்.

தொழிலாளி உங்களிடம் சொல்லும் "சரி சார்" பற்றி மேலே அக்காவின் கதையிலேயே பார்த்துவிட்டோம். 'பரவாயில்லை', 'பார்க்கலாம்' இரண்டும் அதன் உடன்பிறப்புகள். இவற்றில் ஒன்று வந்தால் பேச்சு முடிந்தது என்று எழுந்திருக்காதீர்கள். மூன்று வினாடி பாருங்கள்.

காலையில் ஆள் பிரிப்பதற்கே நேரம் போதவில்லை. இதற்கெல்லாம் எப்போது பயிற்சி எடுப்பது?

தனி நேரம் வேண்டாம். ஏற்கெனவே நடக்கும் பேச்சுகளில் ஒரு நாளைக்கு ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். எல்லாப் பேச்சிலும் செய்யப் போனால் இரண்டு நாளில் விட்டுவிடுவீர்கள். பலர் விட்டுவிட்டதைப் பார்த்திருக்கிறேன்.

முதல் வாரம் மூன்று வினாடி மட்டும். எடை போடும் இடத்தில் யாராவது குறை சொல்ல வருவார்கள் அல்லவா, அந்த ஒருவரிடம். அவர் நிறுத்தியதும் எண்ணிவிட்டுப் பேசுங்கள். எத்தனை முறை அந்த இடைவெளியில் அவரே தொடர்ந்தார் என்று சட்டைப்பையில் இருக்கும் நோட்டில் ஒரு கோடு போடுங்கள். இரண்டாம் வாரம் ஒரு சொல் திருப்புதல். வினைச்சொல்லைத் தொடக் கூடாது என்பது மட்டுமே விதி. மூன்றாம் வாரம், பேச்சு முடிந்து அவர் போன பிறகு நோட்டில் மூன்று வரி: அவருடைய வார்த்தையிலேயே அவர் சொன்னது, நான் ஊகித்தது, நான் கொடுத்த வாக்கு. இரண்டாவது வரி முதல் வரியைவிட நீளமாக இருந்தால், கேட்டதைவிடக் கற்பனை செய்தது அதிகம். என் பழைய நோட்டில் அப்படிப்பட்ட பக்கங்கள் ஏராளம். நான்காம் வாரம் தொகுத்துச் சொல்லி "எதை விட்டுவிட்டேன்?" என்று கேட்பது. இதைக் கடைசியில் வைத்ததற்குக் காரணம் உண்டு. முதல் மூன்றும் கை வராமல் இதைச் செய்தால் போலீஸ் வாக்குமூலம் போல் இருக்கும்.

தொழிற்சாலைக்குள் இருப்பவர்களுக்கு ஒரு சொல். சிடிசி உருளைகள் ஓடும் இடத்தில் இதை முயலாதீர்கள். அந்த இரைச்சலில் யாரும் மனதில் உள்ளதைச் சொல்ல மாட்டார்கள். சொன்னாலும் பாதி விழாது. இலை வாட்டும் இடத்துக்கோ வெளித் திண்ணைக்கோ கூட்டிப் போங்கள். இயந்திரத்தில் ஆபத்து என்றால் இந்தப் பக்கத்தில் உள்ள எதுவும் பொருந்தாது. கத்துங்கள், நிறுத்துங்கள், பிறகு பேசலாம்.

கண்ணைப் பார்த்துப் பேச வேண்டும் என்கிறார்கள். எங்கள் ஆட்கள் என் முகத்தையே பார்ப்பதில்லையே?

பார்க்க வேண்டாம். மேலதிகாரியின் கண்ணைப் பார்த்துப் பேசுவதை நம் ஊரில் பலர் துடுக்குத்தனம் என்று கருதி வளர்ந்தவர்கள். ஆண் மேற்பார்வையாளர் பெண் தொழிலாளியை உற்றுப் பார்த்துக்கொண்டு 'கவனித்துக் கேட்கிறேன்' என்றால் வேறு வம்புதான் வரும். எதிரெதிராக உட்காருவதை விடுங்கள். ஒற்றையடிப் பாதையில் சேர்ந்து நடக்கும்போதும், இருவரும் ஒரே சரிவைப் பார்த்து உட்கார்ந்திருக்கும்போதும் கடினமான விஷயம் எளிதில் வரும். அக்காவிடமும் நான் பக்கவாட்டில்தான் உட்கார்ந்தேன், மற்றவர்கள் பார்க்கும் தூரத்தில், பேச்சு மட்டும் கேட்காத தூரத்தில். ஒன்று மட்டும் கண்டிப்பாகச் செய்யுங்கள்: போனைப் பைக்குள் போடுங்கள்.

என் ஆட்கள் பாதிப் பேர் ஜார்க்கண்டிலிருந்து வந்தவர்கள். மொழியே தெரியாமல் என்ன கேட்பது?

இது உண்மையிலேயே கஷ்டமான கேள்வி, முழுத் தீர்வு என்னிடம் இல்லை. மேலே சொன்ன ஒட்டுகளின் நுணுக்கம் எதுவும் இங்கே உதவாது. அவர்களுக்கே இந்தி இரண்டாம் மொழியாக இருக்கலாம்; உங்களுக்கும் அப்படித்தான். நமது "சரி சார்" செய்யும் அதே வேலையை அவர்களுடைய "ஹாங் ஜி" செய்யும். அதனால் "புரிந்ததா?" என்று கேட்பதை நிறுத்திவிடுங்கள். மருந்து கலப்பதா, கவாத்து உயரமா, எதுவானாலும் அவரைச் செய்து காட்டச் சொல்லுங்கள். அவர் குறை சொல்லும்போது நீங்கள் புரிந்துகொண்டதைக் கையாலும் விரலாலும், தேவைப்பட்டால் மண்ணில் குச்சியால் கோடு கிழித்தும் காட்டுங்கள். அவர் திருத்துவார்.

மொழிபெயர்க்க ஆள் வேண்டும் என்றால், அவர்களை அழைத்து வந்த மேஸ்திரியை மட்டும் வைத்துக்கொள்ளாதீர்கள். குறை அவரைப் பற்றியதாகவே இருக்கலாம். நீளமாக ஏதோ பேசப்பட்டு "ஒன்றும் இல்லை சார், நன்றாக இருக்கிறார்களாம்" என்று இரண்டு வார்த்தையில் மொழிபெயர்ப்பு வந்தால், நடுவில் ஏதோ நின்றுவிட்டது என்று அர்த்தம்.

'யாரிடமும் சொல்லாதீர்கள்' என்று தொடங்கி ஒரு பெண் பேச வந்தார். சத்தியம் செய்து கொடுக்கலாமா?

கொடுக்காதீர்கள், பேச விடுவதற்கு முன்பே சொல்லிவிடுங்கள்: "ஊரில் பேச மாட்டேன். ஆனால் யாருக்காவது ஆபத்து என்றால் நான் மட்டும் வைத்துக்கொள்ள முடியாது." அதன் பிறகும் பெரும்பாலானவர்கள் பேசத்தான் செய்கிறார்கள். விஷயம் பாலியல் தொல்லை என்று தெரிந்தால், அங்கே உங்கள் வேலை கேட்பதோடு நிற்கிறது. விசாரணை செய்வது உங்கள் வேலை அல்ல. "நீ ஏன் அங்கே தனியாகப் போனாய்?" என்பது போன்ற கேள்வி ஒன்றுகூட வேண்டாம். 2013-ம் ஆண்டுச் சட்டப்படி, 10 அல்லது அதற்கு மேற்பட்டவர்கள் வேலை செய்யும் இடத்தில் இதற்கென ஓர் உள்ளகக் குழு இருக்க வேண்டும். சம்பவம் நடந்து 3 மாதத்துக்குள் எழுத்தில் புகார் தர வேண்டும். எழுத முடியாதவருக்கு எழுத உதவுவது குழுவின் கடமை. இதை அவருக்குத் தெரிவித்து, உடன் வர வேண்டுமா என்று கேளுங்கள்.

அதேபோல் "இருந்து என்ன ஆகப் போகிறது" என்ற தொனியில் ஒருவர் பேசினால், மேலே சொன்ன ஒரு சொல் திருப்புதல் எல்லாம் வேண்டாம். "உயிரை விட்டுவிடலாம் என்று தோன்றுகிறதா?" என்று நேராகவே கேளுங்கள். கேட்டால் அந்த எண்ணத்தைக் கிளப்பிவிடுவோம் என்ற பயம் தேவையில்லை. 'ஆம்' என்றால் தனியாக விடாதீர்கள். 14416 என்ற டெலிமானஸ் மனநல உதவி எண்ணை நீங்களே அழைத்துப் பேசவையுங்கள்.

முடிவு மேலிடத்தில் ஏற்கெனவே எடுத்தாகிவிட்டது. அப்போதும் உட்கார்ந்து கேட்க வேண்டுமா?

முடிவைச் சொல்லிவிட்டுக் கேளுங்கள். ஞாயிற்றுக்கிழமை வேலை உண்டு என்று எழுதி ஒட்டியாகிவிட்டது, அதன் பிறகு "உங்கள் கருத்து என்ன?" என்று கேட்டு மூன்று வினாடி காத்திருந்தால், அது ஏமாற்று. தொழிலாளிகள் அதை ஒரே முறையில் கண்டுபிடித்துவிடுவார்கள்; அடுத்த முறை உண்மையாகக் கேட்டாலும் வாய் திறக்க மாட்டார்கள். நான் ஒரு தடவை அப்படிச் செய்துவிட்டு, ஒரு காட்டு ஆட்கள் என்னிடம் மறுபடி பேச ஒரு பருவம் முழுக்கக் காத்திருந்தேன். "வேலை உண்டு, அது மாறாது. எப்படி மாற்றி மாற்றி வரலாம் என்பதைத்தான் கேட்க வந்தேன்" என்று சொன்னால், கேட்பதற்கு எவ்வளவு இடம் இருக்கிறது என்று அவர்களுக்குத் தெரியும்.

நான் எல்லோரையும் கேட்கிறேன். என் மேலதிகாரி என்னைக் கேட்பதே இல்லை. மேல்நோக்கி இது செல்லுமா?

பாதி செல்லும். அவரைக் கேட்க வைக்க உங்களால் முடியாது. ஆனால் அவர் சொன்னதை நீங்கள் திருப்பிச் சொல்லலாம். அதை எந்த மேலதிகாரியும் குறையாக எடுத்துக்கொள்வதில்லை. வண்டியில் போகிறபோக்கில் "ஏழாம் நம்பரை முடித்துவிடு" என்று சொல்லிவிட்டுப் போவார். "இன்றைக்குள் ஏழாம் நம்பர் முழுதும்; மழை வந்தால் படிப் பக்கத்து வரிசைகளை மட்டும் நாளைக்கு வைத்துக்கொள்கிறேன். வேறு எதையாவது மனதில் வைத்துச் சொன்னீர்களா சார்?" என்று கேளுங்கள். என் கடைசி மேலதிகாரி இந்தக் கேள்விக்கு ஒரு முறை வண்டியை நிறுத்தி இறங்கிவிட்டார். "முழுதும் யார் சொன்னது? மேல் பாதி மட்டும்!" என்றார். அந்த மழையில் முப்பது பேர் கீழ்ப் பாதிக்கு மூட்டையோடு இறங்கியிருப்பார்கள்.